‘லா’ இல்லாத ஓகே

எங்கள் மலேசியாவில் ‘ஓகே லா’ என்றால் பரவாயில்லை, விடு, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று பொருள். வெறும் ‘ஓகே’ என்றால் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்கள் என்று பொருள். முப்பத்தைந்து வருடமாக என்னிடம் ‘லா’ போட்டே பேசிய நண்பன், அந்தச் சனிக்கிழமை மதியம் வெறும் ‘ஓகே’ அனுப்பினான்.

அவனுக்கு கிள்ளானில், மேரு போகும் வழியில், டயர் கடை. நான் பிரிக்பீல்ட்சில், ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். அன்று அவனுக்கு ஐம்பது வயது முடிந்தது. வீட்டில் நண்டுக் குழம்பு. கூப்பிட்டிருந்தது என்னை மட்டும். பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். பதினொன்றே முக்காலுக்கு, ‘சாரி லா மச்சான், டயர் பஞ்சர்’ என்று அனுப்பினேன்.

டயர் கடைக்காரனிடம்.

அது முதல் பொய்யும் இல்லை. ஆறு மாதத்தில் நான்காவது. ஈப்போவில் இருக்கும் என் பெரியம்மாவை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். அந்த நாள்களில் அவர் பேட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தார். பஞ்சரும் இதோடு இரண்டாவது தடவை.

உண்மையில் நடந்ததைச் சொன்னால் பொய்யைவிடக் கேவலமாக இருக்கும். புதன்கிழமை அவன் கூப்பிட்டபோது மனசார ‘வரேன்’ என்றேன். வியாழக்கிழமை ராத்திரி இரண்டு தடவை எழுந்து, போகும் வழியை மனசில் ஓட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கூகுள் மேப்பில் கிள்ளான் போகும் ஹைவேயைத் திறந்து, எங்கெல்லாம் பெட்ரோல் நிலையம், எங்கெல்லாம் கழிப்பறை என்று ஆராய்ந்தேன். போருக்குப் போகிறவன்கூட இவ்வளவு தயாராக மாட்டான். சனிக்கிழமை குளித்து, நீலச் சட்டை போட்டு, பரிசுப் பையோடு காரில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பவில்லை. அதற்குள் நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிட்டது. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதியிலேயே நின்றது. நடு லேனில் டிராஃபிக் ஜேமில் மாட்டி மயக்கம் போட்டால் யார் பார்ப்பார்கள் என்று ஒரே யோசனை. கார் நின்றுகொண்டிருந்ததோ என் வீட்டுக் கீழ்த்தளத்தில். பக்கத்தில் காவலாளி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

‘பஞ்சர்’ என்று அனுப்பிய இரண்டாவது நிமிடம் நெஞ்சு அடங்கியது. கை சூடானது. அதுதான் இதில் பெரிய அயோக்கியத்தனம். ஒவ்வொரு தடவை தப்பித்து வரும்போதும் உடம்பு ஒரு பாடம் படித்துக்கொள்கிறது: ‘பார்த்தாயா, போகாததால்தான் பிழைத்தாய்.’ அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாக மணி அடிக்கிறது. இதை எனக்குச் சொன்னது கிளினிக்கில் இருக்கும் மனநல ஆலோசகர் அம்மா. அவரிடம் போவதற்கு முன் நெஞ்சுவலி என்று இரண்டு டாக்டர்களைப் பார்த்து ஈசிஜி எடுத்தேன். “ஹார்ட் நல்லாத்தான் இருக்கு அங்கிள். நீங்கதான் அதைச் சும்மா இருக்க விட மாட்டேங்கிறீங்க,” என்றார் இரண்டாமவர்.

அந்த ‘ஓகே’யைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் வீட்டு மேசையில் எனக்காக வைத்த தட்டு கண் முன்னே வந்தது. எழுத ஆரம்பித்தேன். முதலில் ‘சாரி லா’ என்று எழுதினேன். பார்த்தால், இதுவரை கேட்ட எல்லா மன்னிப்பிலும் இந்த ‘லா’ இருந்திருக்கிறது. தப்பை லேசாக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடுகிற ‘லா’. அதை அழித்தேன். அவன் போனில் ‘டைப்பிங்’ என்று தெரிவதும் மறைவதுமாக இருந்திருக்கும். கடைசியில் அனுப்பியது இதுதான்:

“மச்சான், சாரி. டயர் பஞ்சர் இல்ல. போன தடவையும் இல்ல. பெரியம்மா நல்லா இருக்காங்க. எனக்கு பதற்ற நோய் இருக்கு. ஒரு வருஷமா மனநல ஆலோசகர்கிட்ட போய்க்கிட்டு இருக்கேன். வீட்டை விட்டு தூரம் போகணும்னா ரெண்டு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிடுது. நெஞ்சு அடிக்குது, சாகப்போறேன்னு நெனைக்கிறேன். சாகலைன்னு தெரியும், ஆனா உடம்புக்குத் தெரியல. இன்னிக்கு கார்ல உக்காந்துட்டு திரும்பி மேல வந்துட்டேன். உன்னைப் பார்க்க பிடிக்காம இல்ல. பார்க்கணும்னுதான் சட்டையெல்லாம் போட்டேன். உன் பிறந்தநாளை கெடுத்துட்டேன், அதுக்கு காரணம் நோய், ஆனா பொய் சொன்னது நான். வெக்கமா இருந்துச்சு. உடனே பதில் போட வேணாம். நீ எனக்கு வைத்தியம் பார்க்கவும் வேணாம். தெரிஞ்சா போதும்.”

அனுப்பிவிட்டு போனை அரிசி டின்னுக்குள் வைத்து மூடினேன். ஏன் அரிசி டின் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அதுதான் பாதுகாப்பாகத் தெரிந்தது.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ஒரு வாய்ஸ் நோட். பின்னால் டயர் கழற்றும் இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. பிறந்தநாளிலும் கடைக்குப் போய்விட்டிருக்கிறான்.

“டேய். முதல் தடவை பஞ்சர்னப்ப எந்த டயர்னு கேட்டேன். முன்னாடி இடதுன்னே. இன்னிக்கு கேட்டிருந்தா நாலும்னு சொல்லியிருப்பே. இருபது வருஷமா டயர் விக்கிறவன்டா நான். பொய்னு தெரியும். ஏன்னுதான் தெரியல.” இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தான். “வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், நான் எதாச்சும் சொல்லிட்டேனா, அவனை நோகடிச்சிட்டேனான்னு. நண்டு அப்படியே இருக்கு. நீ என்னைய ஒதுக்குறேன்னு நெனைச்சேன். இதுதான்னா... இதை முன்னாடியே சொல்லக் கூடாதாடா, எருமை.”

அந்த ‘எருமை’யைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆறு தடவை இருக்கும்.

பிறகு அழைத்தான். “நானே அங்க வந்துடட்டுமா? ஒவ்வொரு வாரமும் வரேன்.”

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆலோசகர் அம்மா இதையும் சொல்லியிருந்தார். எல்லோரும் என்னிடம் வந்துகொண்டே இருந்தால் என் உலகம் அடுக்குமாடி லிஃப்ட்டோடு முடிந்துவிடும்.

“வேணாம்டா. நான்தான் வரணும். சின்னதா ஆரம்பிக்கணும்னு சொல்றாங்க.”

“அப்ப கார் வேணாம். ட்ரெயின்ல ஏறு. கிள்ளான் வரைக்கும் வேணாம், பாதி வழில சுபாங் ஜெயா வரைக்கும் வா போதும். நான் அங்க நிக்கிறேன். முடியலன்னா ஒரே வார்த்தை அனுப்பு. பஞ்சர். எந்த டயர்னு கேக்க மாட்டேன்.”

சிரித்தேன். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்ததை அவனிடம் சொல்லவில்லை. எல்லா உண்மையையும் ஒரே நாளில் சொல்லித் தீர்த்துவிட முடியாது.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ட்ரெயினில் ஏறினேன். பந்தாய் டாலாம் நிலையத்தில் ஆரம்பித்தது. நெஞ்சு, எறும்பு, பாதி மூச்சு, எல்லாம் வரிசையாக. எதிரில் ஓர் ஆன்டி மடியில் காய்கறிப் பையோடு என்னையே பார்த்தார். போனை எடுத்து ‘பஞ்சர்’ என்று எழுதிவிட்டேன், அனுப்பவில்லை. அடுத்த நிலையமான பெட்டாலிங்கில் கதவு திறந்ததும் இறங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வண்டி எதிர்ப்பக்கத்தில் வந்தது, நின்றது, போனது. நான் எழவில்லை. பதற்றம் ஏறி உச்சிக்குப் போகும், அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்காது, தானாக இறங்கும், ஆனால் இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. இறங்கியது. முழுதாக இல்லை, பாதி.

எழுதியிருந்த வார்த்தையை அழித்துவிட்டு வேறு எழுதினேன். “பெட்டாலிங்ல இறங்கிட்டேன். பயமா இருக்கு. அடுத்த வண்டில ஏறுறேன். லேட் ஆகும்.”

உடனே பதில் வந்தது.

“ஓகே லா.”