குண்டுத் தூரும் ஒல்லித் தூரும்

மலேசியாவில், மூவார் பக்கத்து வயலில் என் ஆய்வுக்காக இரண்டு நெற்பாத்திகள் வைத்திருந்தேன். ஒன்று வழக்கமான நடவு: மூன்று வார நாற்று, ஒரே இடத்தில் மூன்று நான்காக, எப்போதும் நீர். மற்றது செம்மை நெல் சாகுபடி: பத்து நாள் நாற்றை ஒற்றையாக, அகல இடைவெளியில் நட்டு, நனைத்தும் காயவிட்டும் வளர்ப்பது.

கருத்தரங்குக்கு முதல் நாள் என் ஆய்வு வழிகாட்டி பாத்திக்கொரு தூர், அதாவது வேரோடு ஒரு நெற்கொத்து, பிடுங்கச் சொன்னார். செம்மைத் தூர் குண்டு, மற்றது ஒல்லி.

"நாளைக்கு மேடையில இதத் தூக்கிக் காட்டு, போதும் லா."

"மாட்டேன் சார். ஒரு சதுர மீட்டர்ல செம்மையில பதினாறு தூர், வழக்கமானதுல இருபத்தஞ்சு. ஒத்தத் தூர வச்சு விளைச்சல் பேசக்கூடாது."

"விளைச்சலும் கூடத்தானே வந்துச்சு?"

"வந்துச்சு. தண்ணியும் மிச்சம்தான். ஆனா தொழுவுரம் செம்மைப் பாத்திக்கு மட்டும் போட்டேன். களையும் அங்க மட்டும் மூணு தடவ எடுத்தேன். நீங்க சொன்னீங்க, நானும் தலையாட்டினேன். செம்மை முறைய விமர்சனம் பண்றவங்க இதத்தானே கேக்குறாங்க?"

"இத மேடையில சொன்னா உன் ஆய்வே கவுந்துடும்."

தூர்களை வயலிலேயே விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் மேடையில் முதல் வார்த்தையாக, தொழுவுரமும் களையெடுப்பும் ஒரு பாத்திக்கு மட்டும்தான் என்பதைச் சொன்னேன். கூட்டத்தில் ஒரு விவசாய அதிகாரி எழுந்தார்.

"அப்ப நீங்க எத எதோட ஒப்பிட்டீங்க?"

வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன்:

"நான் பாடுபட்ட பாத்திய, பாடுபடாத பாத்தியோட."