இரண்டாவது வரிசை காலி

அருணாதேவியின் குரலைக் கேட்காதவர்கள் திருவண்ணாமலையில் குறைவு. அவளைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. பேருந்து நிலையத்தில் பழக்கடைக்குப் பின்னாலுள்ள சின்னக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, போளூர், செங்கம், தருமபுரி என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பதே அவளுடைய வேலை. நடுவில் ஒரு துணிக்கடை விளம்பரம், ஒரு பல் மருத்துவர் விளம்பரம். பிறகு மறுபடியும் போளூர்.

சொல்லும் ஊர்களில் பாதிக்கு அவள் போனதே இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் அவள் மனத்தில் ஒரு படம் இருந்தது. போளூர் என்றால் தண்ணீர் தளும்பும் ஏரி. தருமபுரி என்றால் சாயங்கால வெயில் விழுந்த மஞ்சள் சுவர். அந்தச் சுவரின் நிழலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போவாள். அதனாலேயே அவள் அறிவிப்பு மெதுவாக இருக்கும். வீட்டில் பேச்சு இன்னும் குறைவு. அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து கல்யாணமாகி டவுனுக்கு வந்த நாளாக அப்படித்தான். ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் ராமகிருஷ்ணன், ஊருக்கெல்லாம் பேசுபவளுக்கும் சேர்த்து வீட்டில் பேச வேண்டியது தன் தலையெழுத்து என்று சவாரிகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

கார்த்திகை தீபம் வந்தால் அவளைக் கோயில் வாசலுக்குக் கூப்பிடுவார்கள். ராஜகோபுரத்துக்கு எதிரே தகரக் கூரை போட்ட உயரமான மேடை ஒன்று கட்டுவார்கள். மேலே போலீஸாரின் கேமரா திரைகள், ஒரு மூலையில் மைக். மைக் செட் கலீல் ரஹ்மானுடையது. தேரடி வீதி முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காதை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு அவள் அருணாம்மா. அவளுக்கு அவர் பாய்.

அந்த வருஷம் மத்தியானத்திலிருந்தே தூறல். மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் போய்விட்டது. கோபுரத்தின் நுனி தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கீழே குடைகளும் முக்காடிட்ட துண்டுகளுமாகக் கூட்டம், ஓடாத ஆறு போல நின்றது. ஈரத் துணி, கற்பூரம், நசுங்கிய சாமந்தி எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை மேடைவரை ஏறி வந்தது.

அவள் முன்னால் பிளாஸ்டிக் உறைக்குள் அறிவிப்புத் தாள் இருந்தது. போலீஸாரும் கோயில் அலுவலகத்தாரும் கூடிப் பேசி எழுதியது.

“பக்தர்களின் கனிவான கவனத்திற்கு. பொது தரிசனத்திற்குக் கிழக்கு ராஜகோபுரம் வழியாக மட்டுமே செல்லவும். அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் வடக்கே அம்மணி அம்மன் கோபுரத்திற்குச் செல்லவும். தரிசனம் முடித்தவர்கள் தெற்குத் திருமஞ்சன கோபுரம் வழியாக வெளியேறவும். கைப்பை வைத்திருப்பவர்கள் முதல் வரிசையில் நின்று சோதனைக்கு ஒத்துழைக்கவும். பை இல்லாதவர்கள் இரண்டாவது வரிசையில் செல்லவும். பெரிய பைகள், கத்தி, தீப்பெட்டி ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை.”

ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அவள் நிறுத்துவாள். பக்கத்துக் குழாயில் குரல் உடனே கேட்கும். அடுத்த கம்பத்தில் ஒரு மூச்சு கழித்து. வீதிக் கோடியிலிருந்து இன்னும் தாமதமாக, மழையில் நனைந்து, யாரோ வேறு பெண் பேசுவது போல வரும். அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை அருணாதேவி காத்திருப்பாள். காத்திருக்காவிட்டால் வார்த்தைமேல் வார்த்தை விழுந்து யாருக்கும் ஒன்றும் விளங்காது. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, அந்தத் தூரத்துப் பெண்தான் முதலில் பேசுகிறாள், தான் அவளுக்குப் பதில் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. கண் திறந்திருக்கும்போதே வரும் தூக்கம் போல அது அவளுக்குச் சுகமாக இருந்தது.

அப்போதுதான் சப் இன்ஸ்பெக்டர் ரேவதி ஒரு துண்டுச் சீட்டோடு வந்தாள். பைச் சோதனையில் முதல் வரிசை தேங்கிவிட்டது. ஸ்கேனர் ஒன்றுதான் ஓடுகிறது. பக்கத்து வரிசையில் ஆளே இல்லை. இதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி மேலிருந்து உத்தரவு என்றாள். சீட்டில் ஒரே வரிதான் இருந்தது.

அருணாதேவி அதைத் தாளோடு சேர்த்து வாசித்தாள். “பை இல்லாதவர்கள் இரண்டாவது வரிசையில் செல்லவும். இரண்டாவது வரிசை காலியாக உள்ளது.”

பக்கத்துக் குழாய் சொன்னது. அடுத்த கம்பம் சொன்னது. வீதிக் கோடியில் அந்தப் பெண்ணும் சொன்னாள். காலியாக உள்ளது.

மறுமுறை சொல்லும்போது கூட்டத்தின் நிறம் மாறுவதை அவள் பார்த்தாள். குடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கின. முதல் வரிசையில் நின்றவர்கள் கைப்பைகளைக் கழற்றிப் பக்கத்திலிருந்த அம்மாவிடமும் மாமியாரிடமும் கொடுத்துவிட்டுத் தடுப்புக் கம்பிக்குக் கீழே குனிந்து இரண்டாவது வரிசைக்குள் நுழைந்தார்கள். பைகளோடு நின்றவர்கள், தம் மக்கள் எங்கே போகிறார்கள் என்று பதறி அவர்கள் பின்னாலேயே திரும்பினார்கள். இதெல்லாம் வாசலில். வீதிக் கோடியில் நின்றவர்களுக்கு வரிசையே கண்ணில் படவில்லை. அவர்கள் காதில் விழுந்தது ‘காலி’ ஒன்றுதான். எங்கோ முன்னால் இடம் இருக்கிறது. அவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள். யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. ஆளுக்கு ஒரே ஒரு அடி. அத்தனை பேரும் வைத்த அந்த ஓர் அடி, வீதி நீளத்துக்கும் அலையாக உருண்டு வாசலுக்கு வந்தது.

இரும்புத் தடுப்பு ஒன்று வில் போல வளைந்தது. மஞ்சள் புடவைக்காரி ஒருத்தியின் முகம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. அவள் மூச்சுக்குத்தான் நிமிர்ந்தாள் என்பது அருணாதேவிக்கு மேலிருந்தே தெரிந்தது.

மூன்றாவது தடவை அந்த வரி அவள் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. மைக்கைக் கையால் மூடினாள்.

ரேவதி வாக்கி டாக்கியில், வாசலில் உள்ளே விடுவதை நிறுத்தும்படியும், வளைந்த தடுப்பைத் தூக்கி இடம் விடும்படியும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அருணாதேவியின் தோளைத் தொட்டாள். “அக்கா, கேட் மூடியாச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. முன்னாடி இருக்கறவங்க திரும்புவாங்க. பின்னாடி இருக்கறவங்க தள்ளுவாங்க. நடுவுல இருக்கறவங்க நசுங்கிப் போயிடுவாங்க. முதல்ல கடைசில நிக்கறவங்கள நிறுத்தணும்.”

“எல்லாக் குழாயும் ஒண்ணாப் பேசுதே மேடம்,” என்றாள் அருணாதேவி. பிறகு திரும்பி, “பாய், கோடிய மட்டும் தனியாக் குடுக்க முடியுமா?” என்று கேட்டாள்.

கலீல் ரஹ்மான் ஏற்கெனவே எழுந்திருந்தார். வாசலுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர், நடு வீதிக்கு ஒன்று, கோடிக்கு ஒன்று. வாசலுக்கும் நடுவுக்கும் ஒலியை இறக்கினார். பக்கத்துக் குழாய் திடீரென ஊமையானது. “இப்ப கோடிக்கு மட்டும்தான் போவுது, அருணாம்மா. பேசுங்க.”

அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். பேசியது ரேவதி காதருகில் சொன்னதும் அவள் வாயில் வந்ததும் கலந்த பேச்சு.

“தேரடி வீதிக் கடைசில நிக்கறவங்களுக்குச் சொல்றேன். நின்ன இடத்துலயே நில்லுங்க. முன்னால கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சிருக்காங்க. உங்களுக்குப் பின்னால இடம் இருக்குது. ஒரு அடி பின்னால வைங்க. உங்களுக்கு முன்னால ஒரு கைக்கொழந்த இருக்குதுன்னு நெனச்சுக்குங்க. இன்னொரு அடி.”

பிறகு தனக்குத் தெரிந்த தெலுங்கிலும் சொன்னாள். ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் அங்கே ஜாஸ்தி. அக்கடே நிலபடண்டி, அங்கேயே நில்லுங்கள் என்று.

இந்த முறை அவள் குரல் அவளுக்கு அருகில் கேட்கவே இல்லை. தூரத்திலிருந்து அந்தப் பெண் மட்டும் பேசினாள். போளூர், செங்கம் என்று சொல்லும் அதே நிதானம். கேமரா திரையில் வீதிக் கோடி மெல்ல இளகியது. தலைகளுக்கு நடுவே ஈரத் தார் ரோடு கோடு கோடாகத் தெரிந்தது. ரேவதி தலையசைத்தாள். பாய் நடு வீதியைத் திறந்தார். அங்கேயும் அதே பேச்சு, அதே ஓர் அடி. வாசலை அவர் கடைசியாகத்தான் திறந்தார்.

வாசலில் நின்றவர்களுக்கு என்ன சொல்வது? எந்த வரிசையில் போனால் முந்தலாம் என்பதுதான் அவர்கள் தவிப்பு. அதற்குப் பதில் தாளில் இல்லை. இரண்டு வரிசையும் உள்ளே ஒன்றாகத்தானே சேருகிறது என்று அவள் ரேவதியைக் கேட்டாள். ரேவதி ஆமாம் என்றாள்.

“வாசல்ல நிக்கறவங்களுக்குச் சொல்றேன். ரெண்டு வரிசையும் உள்ள ஒரே எடத்துலதான் சேருது. எதுல நிக்கறீங்களோ அதுலயே இருங்க. பையைக் குடுத்துட்டு வந்தவங்க பயப்படாதீங்க. உங்க வீட்டாளுங்க உள்ள உங்களப் பார்ப்பாங்க. தீபம் எல்லாருக்கும் தெரியும்.”

மஞ்சள் புடவைக்காரியைப் போலீஸ் பெண்கள் தடுப்புக்கு மேலாகத் தூக்கி வெளியே உட்கார வைத்திருந்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவள் குடித்ததை அருணாதேவி பார்த்தாள். அதற்குப் பிறகுதான் இவளுக்கும் மூச்சு வந்தது. அன்று ஒரு கிழவருக்குக் கணுக்கால் பிசகியது, ஏராளமான செருப்புகள் அநாதையாயின. அதைத் தவிர வேறொன்றுமில்லை.

இரண்டாவது ஸ்கேனரைச் சரி செய்து, சிறு சிறு கூட்டமாக உள்ளே விட ஆரம்பித்தார்கள். மேலிருந்து இன்னொரு சீட்டு வந்தது. ரேவதி அதைத் தானே ஒருமுறை படித்து, யார் காதில் விழ வேண்டியது என்று அவளோடு பேசி, அந்தக் குழாய்க்கு மட்டும் கொடுக்கச் சொன்னாள். நேரம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. வெளிச்சம் நீலமானது. மேகம் மலையை விட்டு இறங்கி எங்கோ போயிற்று.

ஆறு மணிக்குப் பாய் எல்லாக் குழாய்களின் ஒலியையும் இறக்கினார். மலை உச்சியில் ஒரு பொட்டு சிவந்து, நடுங்கி, நின்றது. வீதி முழுக்க அரோகரா என்று எழுந்த ஒலி தகரக் கூரையை அதிர வைத்தது. பை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே பக்கம் முகத்தைத் தூக்கிக் கைகூப்பினார்கள். அருணாதேவியும் கைகூப்பினாள். பாய் ஸ்டூலில் இருந்தபடியே அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒயரில் தண்ணீர் இறங்குகிறதா என்று தடவிப் பார்க்கப் போனார்.

அடுத்த வருஷம் தாள் மூன்றாக வந்தது. வாசலுக்கு ஒன்று, நடு வீதிக்கு ஒன்று, கோடிக்கு ஒன்று. ‘காலி’ என்ற சொல் எதிலும் இல்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அவளுக்கு அதெல்லாம் தெரியாது. வேறொருத்தி வந்து மைக்கை வாங்கிக்கொண்டதும் படியிறங்கித் திருமஞ்சன கோபுரத் தெரு வழியாக நடந்தாள். தரிசனம் முடித்து வந்தவர்கள் அவளை உரசிக்கொண்டு போனார்கள். அவர்கள் நெற்றியில் திருநீறு ஈரமாக இருந்தது. ஒருத்தி தன் மாமியாரிடமிருந்து பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டே, கடைசிவரை அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்ததில் தனக்குப் பயமே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு போனாள். யாரைச் சொல்கிறாள் என்று அருணாதேவிக்கு ஒரு கணம் புரியவில்லை. வீதிக் கோடியில் பேசிய அந்தப் பெண்ணைத்தான் என்று நினைத்தாள்.

ராமகிருஷ்ணன் ஆட்டோவை ஒரு சந்தில் நிறுத்திவிட்டு டீக்கடையில் காத்திருந்தான். என்ன ஆச்சு, கூட்டம் நெரிஞ்சதா என்று கேட்டான். அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தொண்டை முழுக்கக் கட்டியிருந்தது. அவன் சிரித்துவிட்டு, சர்க்கரை கம்மியாக ஒரு டீ என்று அவளுக்காகச் சொன்னான். அவள் அவன் தோளில் சாய்ந்து, சூடான கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி நின்றாள்.