மூன்றாவது யோசனைக்கு நான் எழுதாத பதில்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் தபால்கள் இரண்டு வகை. நான் இன்னும் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்பவை ஒன்று. கல்யாணப் பத்திரிகைகள் மற்றொன்று. அதனால் கோடு போட்ட நான்கு தாள்களில் நீல மையில் எழுதிய ஒரு கடிதம் பொன்னேரியில் என் வீட்டுக்கு வந்தபோது, யாரோ விலாசம் மாற்றி எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

எழுதியவள் பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பைச் சேர்ந்தவள். மீன்வளம் படித்துப் பட்டம் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் கல்லூரியில் திட்ட அறிக்கை தயாரிப்பது எப்படி என்று ஒரு மதியம் பேசினேன். முப்பது வருடம் தொழில் துறை அலுவலகத்தில் பிறருடைய திட்ட அறிக்கைகளில் குறை கண்டுபிடித்தவள் என்ற தகுதியில் கூப்பிட்டிருந்தார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள். இந்தப் பெண் மட்டும் கடைசியில் வந்து, யோசனை இருந்தால் உங்களிடம் சொல்லலாமா என்று கேட்டாள். போனில் அனுப்பாதே, தாளில் எழுது, எழுதும்போதே பாதி யோசனை செத்துவிடும் என்றேன். அதையும் யாரும் மதித்து நடப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

பாதி சாகவில்லை. மூன்று மிச்சம் இருந்தன.

முதலாவது நண்டு. தோல் உரித்து ஓடு புதிதாகியிருக்கும் நண்டின் உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். தண்ணி நண்டு என்பார்கள். ஏற்றுமதிக்கு வாங்கும் தராசுக்காரர் அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவார். அந்தக் கழிவு நண்டை மலிவாக வாங்கி, துளை போட்ட பெட்டிகளில் ஒன்றுக்கு ஒன்றாக அடைத்து, ஏரியில் மிதக்கவிட்டுத் தீனி போட்டால் மூன்று நான்கு வாரத்தில் சதை பிடித்துவிடும், உயிரோடு நல்ல விலைக்கு விற்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். படம்கூடப் போட்டிருந்தாள்.

இரண்டாவது, இறாலை உரித்துச் சுத்தம் செய்து ஐஸில் வைத்து, சென்னையில் அடுக்குமாடி வீடுகளுக்கு ஞாயிறு காலையில் கொண்டுபோய்க் கொடுப்பது. ஒரு பக்கம்.

மூன்றாவது நான்கே வரி. பெண்கள் ஏரியிலிருந்து கரையேறும் இடத்தில் ஐஸ் நிரப்பிய பெரிய பெட்டி ஒன்று வைப்பது. கையால் பிடித்த இறாலை அவரவர் பையில் கட்டி அதில் போட்டுவைத்து, வேண்டிய நேரத்தில் வேண்டியவருக்கு விற்றுக்கொள்ளலாம். பெட்டிக்கு வாடகை. "இது தொழிலா என்று எனக்கே தெரியவில்லை" என்று முடித்திருந்தாள்.

எது என்று நான் சொல்ல வேண்டும். கல்லூரியில் புதுத் தொழில் தொடங்குவோருக்கான உதவித் திட்டம் ஒன்று இருந்தது. ஒருவருக்கு ஒரே விண்ணப்பம், ஒரே யோசனை. விண்ணப்பிப்பவர் வேறு எங்கும் முழுநேர வேலையில் இருக்கக் கூடாது. இறால் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே சேரவேண்டிய நாளும் விண்ணப்பத்தின் கடைசி நாளும் ஒரே மாத முடிவு. தவறான யோசனையைத் தேர்ந்தெடுத்தால் வேலையும் இல்லை, தொழிலும் இல்லை. "நைனா ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்" என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். அதற்கப்புறம் என்ன என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். காய்ந்த துணியை எடுக்கப் போய் எடுக்காமலே இறங்கினேன். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் உட்கார்ந்து ஒன்பது பக்கம் பதில் எழுதினேன்.

நண்டு என்றேன். காரணங்களை வரிசையாகக் கொடுத்தேன். ஏரி பறவைகள் சரணாலயம், ஆகவே வனத்துறையிடம் முதலில் போக வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறைக்குத் தனி மனு. உவர்நீர் வளர்ப்புக்குப் பதிவு. ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊரார் முறைவைத்துத் தீர்மானிக்கிறார்கள், அதற்குப் பாடு என்று பெயர். அதனால் "ஊர்ச் சபையிடம் ஆட்சேபம் இல்லை எனக் கடிதம் பெறுக" என்றும் எழுதினேன், ஏதோ அதுவும் பத்து மணிக்குத் திறக்கும் ஒரு கவுண்டர் போல. எந்தத் தாளை எதன் பின்னால் இணைக்க வேண்டும், எதில் மூன்று நகல், எல்லாம் சொன்னேன். இறால் பார்சலை அரைப் பக்கத்தில் முடித்தேன். புரட்டாசியில் என்ன செய்வாய் என்று கேட்டிருந்தேன். மூன்றாவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தபாலில் சேர்த்துவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். ஓய்வு பெற்ற பின் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஒரு வாரம் பதில் இல்லை. மறுபடி மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது போன் வந்தது. மேடம், விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் அம்மா உங்களிடம் பேச வேண்டும் என்கிறார், போனில் பேச மாட்டாராம், வர முடியுமா என்றாள்.

மறுநாள் காலை திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். பழவேற்காட்டில் இறங்கும்போது அவள் ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். ஒல்லி. பேசும்போது கையிலிருக்கும் சாவியைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். நேராக வீட்டுக்குப் போகவில்லை. அம்மா இன்னும் கரை ஏறவில்லை என்று ஏரிப் பக்கம் அழைத்துப் போனாள்.

இடுப்பளவு, சில இடத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் பெண்கள் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் தடவுகிறார்கள். அகப்பட்ட இறால் பறிக்குள் போகிறது. வாய் காலியாக இல்லாததால் தண்ணீரில் யாரும் பேசுவதில்லை. கரையில் தராசோடு உட்கார்ந்திருந்த வியாபாரிதான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். என்னைப் பார்த்ததும் "இன்னா மேடம், கணக்கெடுப்பா? எங்க ஆயாவுங்க எல்லாரையும் எயுதிக்கோங்க, ஒண்ணுகூட பொய் வயசு சொல்லாது" என்றார். முதலில் கரையேறிய கிழவி பறியை வாயிலிருந்து எடுத்ததும் அவருக்கு முதல் பதில் சொன்னாள்: "உன் தராச மொதல்ல எயுதிக்கச் சொல்லு. அதாண்டா பொய் சொல்றது." அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நிறுத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இறால் வெயிலைத் தாங்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். யாரும் பேரம் பேசவில்லை.

பெண்ணின் அம்மா நண்டும் கொண்டுவந்திருந்தார். வியாபாரி ஒவ்வொன்றையும் அடிப்பக்கம் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது மூன்று. அவற்றை மணலில் போட்டார். அம்மா அவற்றை எடுத்துத் தனியாகப் பறியில் போட்டுக்கொண்டார். அதில் அவசரமும் இல்லை, வெட்கமும் இல்லை.

வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டார்கள். நண்டுக் குழம்பு. சதை அதிகம் இல்லை, ஆனால் சாறு அத்தனை ருசி. இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன். அதற்காகவே காத்திருந்தவர் போல அம்மா ஆரம்பித்தார்.

"மேடம், நீங்க எயுதினத இவ எனக்குப் படிச்சிக் காட்னா. கயிவு நண்டுன்னு போட்டுக்கீறீங்க."

அது உங்கள் மகள் எழுதிய வார்த்தை என்றேன். அலுவலகத்தில் முப்பது வருடம் காப்பாற்றிய பதில் அது.

"அவ எயுதினா. நீங்க கையெயுத்து போட்டீங்க." குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளினார். "நல்ல நண்ட நாங்க எத்தினி வாட்டி துன்னுருக்கோம்னு நெனைக்கிறீங்க? அவன் தூக்கிப் போட்றதுதான் எங்க ஊட்டுக் கொயம்பு. இந்தத் தெருவுல எல்லா ஊட்டுக்கும் அதான். இவ அதையும் காசு கொடுத்து வாங்கிக்கினு போய்ட்டா, புள்ளைங்களுக்கு இன்னாத்த ஊத்தறது?"

விற்றால் காசு வருமே, வேறு வாங்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். என் தட்டில் அந்தக் கழிவின் ஓடுகள் குவிந்திருந்தன. நான்கு அனுமதிகளைப் பட்டியலிட்டவளுக்கு, ஐந்தாவதாக யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவள் சாவியைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள். "இந்தக் கொயம்ப துன்னுதான் மேடம் வளந்தேன். எயுதும்போது தோணல." பிறகு கேட்டாள்: "அப்ப எது மேடம்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்த வாக்கியத்தை நான் உத்தியோகத்தில் பயன்படுத்தியதில்லை. கோப்பு பரிசீலனையில் உள்ளது என்றுதான் சொல்லிப் பழக்கம்.

"மூணாவதப் பத்தி நீங்க ஒண்ணுமே எயுதல."

உண்மையைச் சொன்னேன். பிறருடைய உணவைச் சேமித்து வைப்பதும் உணவுத் தொழில்தான், ஆனால் அந்த அளவுக்கு ஒரு சின்னப் பதிவு போதும், பெட்டி நிற்கும் கரைக்கு ஊரார் ஒப்புதலும் வேண்டும், அதற்குமேல் எழுத எனக்கு எதுவும் இல்லை. விதி குறைவாக உள்ளதைத் தொழில் என்று என் மனம் ஏற்கவில்லை.

அம்மா குறுக்கே பேசினார். ஐஸ் பெட்டி வைத்தால் தராசுக்காரன் சும்மா இருக்க மாட்டான், பெட்டியில் போட்டவளிடம் நண்டு வாங்க மாட்டேன் என்பான். நண்டை ஐஸில் வைக்க முடியாது, உயிரோடுதான் விற்க வேண்டும், அதற்கு அவனை விட்டால் ஆளில்லை. முதலில் போடுகிறவள்தான் மாட்டிக்கொள்வாள். இதை அவர் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வழியில் எங்கே பள்ளம் என்று சொல்வதுபோலச் சொன்னார். நீங்கள் போடுவீர்களா என்று கேட்டேன்.

"எம் பொண்ணு பொட்டில நானே மொதல்ல போட்டா ஊரு சிரிக்கும். ரெண்டாவதாப் போடுவேன்."

அவள் என்னை பஸ் ஏற்றிவிட வந்தாள். வேலைக்குப் போய்விடு என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. என் மகளாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் உரக்க. பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறிவிட்டேன்.

மாதக் கடைசி நாள் மாலை போன் செய்தாள். நண்டு விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டு ஐஸ் பெட்டிக்கு எழுதி அனுப்பிவிட்டாள். ஆய்வக வேலைக்கு வரவில்லை என்று மின்னஞ்சலும் போட்டாயிற்று. முடிவு வரும்வரை சும்மா இருக்க முடியாது என்று பழைய பெட்டி ஒன்றை வாங்கி, பெரியவர்களிடம் கேட்டு, நாளையே கரையில் வைக்கிறாள்.

பதிவுக்கான விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். ஒரு தவறும் இல்லை. அவ்வளவு சின்ன விண்ணப்பத்தில் தவறு செய்ய இடம் இல்லை.

மறுநாள் பத்து மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். பதினொன்றரைக்கு ஒரு படம் வந்தது. திறந்த பெட்டி, நிறைய ஐஸ், மூலையில் ஒரே ஒரு பை. சிவப்புத் துணியால் கட்டியிருந்தது. தராசைப் பொய் என்ற கிழவியுடையது என்று கீழே எழுதியிருந்தாள். அந்தக் கிழவி நண்டு பிடிப்பதில்லையாம், இழக்க ஒன்றுமில்லை.

படத்தைப் பெரிதாக்கி ஐஸுக்குள் இன்னொரு பை புதைந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன். பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டாவது படம் வந்தது. இரண்டு பைகள். அடுத்ததன் கட்டு பச்சைத் துணி. அது யாருடையது என்று அவள் எழுதவில்லை.

பெட்டிக்குப் பின்னால் மணலில் தராசுக்காரரின் கால் மட்டும் படத்தில் விழுந்திருந்தது. பெட்டியைப் பார்த்துத் திரும்பி நின்றது அந்தக் கால்.