பின்ன வாரது யாரு?

சேந்தமங்கலத்துக்குத் தெற்கே, ஏரிக்குக் கீழே நெல் அறுக்கப் போகும் பதினான்கு பெண்களுக்குப் பெருமாயிதான் முன்பாட்டுக்காரி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்தப் படிப்பால் அவள் செய்த ஒரே காரியம் பாட்டு எழுதியதுதான். அதில் ஒன்றை எழுதாமலே இருந்திருக்கலாம்.

எழுபத்தெட்டாம் வருடக் கடைசியில், கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் அதை எழுதினாள். ஒரு வரி எழுதியதும் எழுந்து, வயலில் நிற்பதுபோலக் குனிந்து பாடிப் பார்ப்பாள். குனிந்தவளுக்கு நெஞ்சில் மூச்சு தங்காது. நீள வரி பாதியிலேயே திணறும். ஆகவே மூன்று சொல்லுக்கு மேல் கூடாது. முன்பாட்டுக்காரி கேட்கும்போது இடது கை நெல்தாளைச் சேர்த்துப் பிடிக்கும், வலது கை அரிவாளை இழுக்கும். மற்றவர்கள் பதில் சொல்லும்போது அறுத்ததைத் தரையில் வைப்பார்கள். பதிலை இரண்டு தரம் வைத்ததற்கும் காரணம் உண்டு. முதல் தரம் காதில் விழாதவள் இரண்டாம் தரத்தில் சேர்ந்துகொள்ளலாம். சொல்லின் கடைசி எழுத்தையும் இழுத்துப் பாட முடியவேண்டும். ‘ம்’ என்று வாயை மூடினால் காற்று கொண்டுபோய்விடும், வரிசையின் அந்தக் கோடிக்கு எட்டாது.

கேலி இல்லாத அறுப்புப் பாட்டை யார் பாடுவார்கள்? அதனால் வரிசையில் அறுக்கிறவர்களின் பெயரை வைத்தே இப்படி எழுதினாள்:

முன்ன போறது யாரு?
சாலம்மா! சாலம்மா!
பின்ன வாரது யாரு?

உண்மையில் எப்போதும் பின்னால் வருபவள் காளியாத்தாள். ‘காளியாத்தா! காளியாத்தா!’ என்று குனிந்து பாடிப் பார்த்தாள். பெயர் முடிவதற்குள் அடுத்த பிடிக்குக் கை போய்விட்டது. நாக்கு தடுக்கியது. பக்கத்து வீட்டு அத்தாயி நினைவுக்கு வந்தாள். ‘அத்தாயி! அத்தாயி!’ என்றதும் கச்சிதமாக உட்கார்ந்தது. கீழே, தான் பாடவேண்டிய வரியாக, ‘வெரசா வா! வெரசா வா!’ என்று எழுதி முடித்தாள்.

அத்தாயி அரிவாள் பிடித்தால் மின்னல். அது ஊருக்கே தெரியும் என்பதால்தான் முதல் நாள் வயலே சிரித்தது. அத்தாயியும் சிரித்தாள். ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் அன்றைக்கே பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். தை முடிவதற்குள் அது நாலு ஊர் போய்விட்டது. பாட்டு மட்டும் போனது, சிரிப்பு போகவில்லை.

மாசியில் ஆள் சேர்க்க வந்த மேஸ்திரி பெரியசாமி வெளியூர்க்காரன். தெருவில் நின்று பெயர் கேட்டான்.

“அத்தாயிங்க.”

“பாட்டுல பின்ன வருமே, அந்த அத்தாயியா? வேண்டாம் போ. எனக்கு வெரசா அறுக்கற ஆளு வேணும்.”

பெருமாயி ஓடிப்போய்ச் சொன்னாள். “அது சும்மா கேலிக்குங்க! இவளாட்டம் அறுக்கறவ இங்க யாருமில்லீங்க.”

“கேலியோ என்னமோ, ஊரே பாடுதே” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். பாட்டைச் சாட்சியாக எடுத்துக்கொண்ட அந்த மடையனை என்ன சொல்ல! ஆனால் சாட்சி எழுதிக் கொடுத்தவள் இவள்தானே. அந்த மாசி முழுக்க அத்தாயிக்கு அறுப்பு வேலை கிடைக்கவில்லை.

மேஸ்திரி வந்துபோன அன்று சாயங்காலமே பெருமாயி அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“கோவிச்சுக்காத புள்ள. காளியாத்தா பேரு தாளத்துல நிக்கல. உன்ற பேருதான் நின்னுச்சு.”

அத்தாயி முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “ஏனக்கா, பெருமாயின்னு பாடுனா நிக்காதா?”

பெருமாயி மனதுக்குள் பாடிப் பார்த்தாள். பெருமாயி! பெருமாயி! எழுத்து நாலுக்கு நாலு. நீட்டம்கூட அதே நீட்டம். எழுதும்போது தன் பெயர் அவளுக்குத் தோன்றவே இல்லை. அடுத்தவர் பெயர் மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தது! வெட்கத்தோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

அடுத்த தை வந்தது. அத்தாயி வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று ஆள் சேர்க்க வந்தவனிடம் அடம்பிடித்து, அவளைத் தன் வரிசைக்கு இழுத்து வந்தாள். வரப்பில் எல்லோரையும் நிறுத்தி, “இனிமே பின்ன வாரது பெருமாயி. மாத்திப் பாடுங்க” என்றாள்.

இரண்டு சுற்று சரியாகப் பாடினார்கள். வெயில் ஏறி, கை தன் போக்கில் ஓடத் தொடங்கியதும் பழைய பெயர் தானாக வந்துவிட்டது. பாதிப் பேர் அதைச் சொல்ல, மீதிப் பேர் நாக்கைக் கடித்துக்கொண்டு ‘பெருமாயி’ என்றார்கள். பதில் இரண்டாக உடைந்ததும் கைகளும் உடைந்தன. ஒருத்தி குனிய, ஒருத்தி நிமிர, சாலம்மாளின் அரிவாள் பக்கத்தில் நின்றவளின் விரலை உரசிக்கொண்டு போனது. “அய்யோ!” என்று அவள் அலறினாள்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். “பாட்டே வேண்டாம்” என்றாள் பெருமாயி.

“பாட்டில்லாம இத்தன வயல அறுக்க முடியுமா? கேளுக்கா நீ” என்றாள் அத்தாயி.

பெருமாயி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “பின்ன வாரது யாரு?”

எல்லோருக்கும் முன்னால் நின்ற அத்தாயி, குனிந்தபடியே, வரிசையின் கோடிக்கும் கேட்கிற குரலில், தானே பாடினாள்.

“அத்தாயி! அத்தாயி!”

பதின்மூன்று பேரின் கையும் ஒன்றாகத் தாழ்ந்தது. அடுத்த வரி பெருமாயியுடையது. நிறுத்தினால் மறுபடி யார் விரலாவது போகும்.

“வெரசா வா” என்று பாடினாள்.