பெட்டியின் உள்ளளவு

எனக்கு எழுபத்தாறு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், கணக்குப் பார்க்க வரும். அதற்கு மேல் எழுத வராது. இதைப் பேரன் எழுதுகிறான். வீட்டுக்காரர் போன பிறகு நாரணாபுரத்தில் எங்கள் கம்பி மத்தாப்புக் கம்பெனியை நான்தான் நடத்தினேன்.

செல்போன் வந்த புதிது. வடக்கே போன லோடில் அடியில் இருந்த பெட்டிகள் நசுங்கிவிட்டதாகப் புகார் வந்தது. அட்டைப்பெட்டி செய்து தருகிறவருக்குப் போன் போட்டேன். மூன்று பிளைக்குப் பதில் ஐந்து பிளை, அதாவது ஐந்தடுக்கு அட்டை, அதற்குத் தக்கபடி கூடுதல் விலை, அளவு பழைய அளவே என்று பேசி முடித்தோம்.

பேசியதை அப்படியே எழுது என்று மகளை உட்கார வைத்தேன். பாதியில் நிமிர்ந்தாள்.

"அளவுன்னா உள்ளளவாம்மா, வெளியளவா?"

அட்டை தடிக்கும்போது வெளியளவு அப்படியே இருந்தால் உள்ளே இடம் குறையும். போனில் அதை இருவருமே பேசவில்லை. மறுபடி அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "உள்ளளவுதான்க்கா" என்றார். அதையும் சேர்த்து இரண்டு பிரதி அனுப்பி, ஒன்றில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரச் சொன்னேன்.

அவரே நேரில் வந்துவிட்டார்.

"என்னக்கா, இம்புட்டு வருசம் வாய்ப்பேச்சுலதான யாவாரம் பண்ணுனோம்? இப்பக் கையெழுத்துக் கேக்கீக. ரேகையும் வைக்கட்டுமா?"

"வைங்க தம்பி. மை நம்மகிட்டயே இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். காப்பி குடிக்காமல் போனார்.

பெட்டி தயாராகும் முன்பே நெஞ்சுவலியில் இறந்துபோனார். காரியம் முடிந்து அவர் மகன் லோடை அனுப்பினான். தீபாவளிச் சீசன். ஐந்து பிளைதான், ஆனால் வெளியளவு பழைய அளவு. கடைசி வரிசைப் பாக்கெட்டுகள் அடங்கவில்லை. மூடி வாய் பிளந்து நின்றது.

"பழைய அளவுன்னுதான் அப்பா சொன்னாரு அத்தை. போன்ல நீங்க பேசுனது அதுதான?" என்றான்.

அவன் அப்பா போட்ட கையெழுத்தை எடுத்து நீட்டினேன். வாங்கி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிறகு பெட்டிகளை லாரியில் ஏற்றச் சொன்னான்.

எங்கள் லேபிள் அச்சடித்த பெட்டி வேறு எவருக்கும் ஆகாது. எல்லாம் கழிவுக்குப் போனது. கடனுக்கு அட்டை வாங்கிப் புதிதாகச் செய்து தந்தான். எங்கள் லோடு சீசனுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த சீசனுக்கு அவர்கள் பட்டறை இல்லை, மெஷினை விற்றுவிட்டார்கள்.

அவன் அம்மாவைக் கோயில் வாசலில் பார்த்தேன்.

"செத்த மனுசன் கையெழுத்தக் காட்டி என் பிள்ளையக் கவுத்துட்டீகளே மதினி."

"அது இல்லாட்டி என் கம்பெனிப் பொம்பளைகளுக்கு அந்தத் தீபாவளிக்குச் சம்பளமே இல்ல" என்றேன். சொன்னது உண்மை. இன்றைக்கும் எழுதித்தான் வாங்குவேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்ததில்லை.

ஏலே, அந்த அம்மா சொன்னத நான் சொன்னபடியே போட்டியா? எனக்காகக் கொறச்சுப் போட்டுறாத. மொதல்ல இருந்து படி, கேப்போம்.