உம் கொட்டிய பிள்ளை

என் அங்கன்வாடியில் ஒரு சட்டம் இருந்தது. கதை சொல்லும்போது யாரும் உம் கொட்டக் கூடாது. உம் கொட்டாமல் என்ன கதை என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைகளும் கேட்டன. தலையை ஆட்டுங்கள், போதும் என்பேன். என் வீட்டுக்காரருக்கும் அதே சட்டம்தான். நான் ஏதாவது சொன்னால் 'சரி' என்று சொல்ல வேண்டும், 'உம்' என்று சொல்லக் கூடாது. காரணம் அவருக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை நான் நான்கு வருஷம் சொல்லவே இல்லை.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது முப்பதாவது வாரம் ஒரு காலையில் எனக்கு நீர் கசிந்தது. வலி எதுவும் இல்லை. சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அவர் கனகாம்பரத்தையும் மல்லியையும் கட்டிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நான் தனியாகவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸக்கா பார்த்துவிட்டு, பிள்ளை சீக்கிரம் வரப்பார்க்கிறது, முதல் ஊசியை இங்கேயே போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன், மீதி மூன்றையும் அங்கே போடுவார்கள் என்றார். பிரசவ நேரத்தில் ஊசி என்றால் எங்கள் ஊரில் ஒன்றுதான், வலி ஊசி. அதைப் போட்டால் வலி கிளம்பி பிள்ளை வந்துவிடும். அதுவும் எட்டாம் மாசம். ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று கேட்டே வளர்ந்தவள் நான்.

இது நுரையீரலுக்குப் போடுவது, வலி ஊசி இல்லை என்று நர்ஸக்கா சொல்லத்தான் செய்தார். அம்மாவுக்குப் போட்டால் பிள்ளையின் நெஞ்சுக்கு எப்படிப் போகும் என்று மனசுக்குள் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுக்கொண்டேன். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். மத்தியானம் நர்ஸக்காவே வண்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். குளிக்கிறேன் என்று கதவுக்குப் பின்னால் இருந்து குரல் கொடுத்தேன். குளிக்கவில்லை. கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவும் கொடுத்து, நர்ஸ் சொன்னபடி கேளுங்கள் என்று வகுப்பும் எடுத்தவள், கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். ஊருக்குத்தான் உபதேசம்.

வலி மறுநாள் சாயந்திரம் வந்தது. அதற்குள் ஒன்றரை நாள் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். பக்கத்தில் இருந்த, பிள்ளைக்குச் சூடு கொடுக்கும் மேஜையில் அவனைக் கிடத்தினார்கள். நான் சந்தோஷத்தில் அவனிடம் பேச ஆரம்பித்தேன். அப்பா வந்துக்கிட்டே இருக்காருடா என்றேன். உம் என்றான். மழை பெய்யுதுடா வெளியே என்றேன். உம். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு உம். "அக்கா, எம் பையன் உம் கொட்டுறான்" என்று அங்கிருந்த நர்ஸிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பி டாக்டரைக் கூப்பிட்டார்.

அவன் ஒன்றரை நாள் இருந்தான். எட்டாம் மாசப் பிள்ளை, விதி என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்காரரும் அதையே சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டார். நானும் தலையாட்டினேன். அதன்பிறகு அந்தச் சத்தம் என்னை விடவில்லை. தண்ணீர் இழுக்காத மோட்டாரில் கேட்கும். கதை கேட்கிற இருபது பிள்ளைகளுக்கு நடுவே தனியாக ஒன்று கேட்கும். யார் அது என்று அதட்டுவேன். பிள்ளைகள் பயந்து ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

போன வருஷம் மறுபடி உண்டானேன். முப்பத்தொன்றாவது வாரம் பிரஷர் ஏறியது. அதே பெரிய ஆஸ்பத்திரி. அதிக நாள் வயிற்றில் வைத்திருக்க முடியாது, ஊசியை ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர் அம்மா. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. என்னிடம் கேட்டு முடிப்பதற்குள் சேலையை ஒதுக்கிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். காலை பத்து மணிக்கு முதல் ஊசி. நான்கும் போட்டு ஒரு நாள் கழிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் பரவாயில்லை என்றார் வார்டு நர்ஸ்.

"ஒரு ஊசி உள்ள போனாக்கூட பிள்ளைக்கு அம்புட்டு தொணைம்மா" என்றார்.

என்னைத் தேற்றத்தான் சொன்னார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் சக்கர நாற்காலியில் வைத்து, பச்சிளம் குழந்தைகள் பிரிவைக் காட்டக் கூட்டிப்போனார்கள். பிள்ளை அங்கே எத்தனை வாரம் இருக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது, முன்னாடியே பார்த்து வைத்தால் பயம் தெளியும் என்றார்கள். வாசலிலேயே வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சீம்பாலைக் கையால் பீய்ச்சி எடுப்பது எப்படி, அதைக் குழாய் வழியாக எப்படிக் கொடுப்பார்கள், மூக்கில் காற்று அழுத்தும் குழாய் எப்படி இருக்கும் என்று அங்கிருந்த நர்ஸ் காட்டினார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். சில பிள்ளைகள் உம் உம் என்று முனகுமே, அது என்ன?

"நுரையீரல்ல காத்துப்பை மூடிக்கப் பாக்கும்மா. மூடாம இருக்க, பிள்ளை தொண்டைய இறுக்கி மூச்சு விடும். அந்தப் பாடுதான் சத்தமா வருது."

அன்று அவன் எனக்குப் பதில் சொல்லவில்லை. மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தான். நான் கதை பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்று ஊசி போட்டாயிற்று. நான்காவதுக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் சாயந்திரம் தலைவலி மண்டையைப் பிளந்தது, கண்ணில் பொறி பறந்தது. உடனே ஆபரேஷன் என்றார்கள். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் காது விழித்திருந்தது. மெல்லிய அழுகை ஒன்று கேட்டது. பொம்பளப் பிள்ளை என்றார்கள். அழுகை நின்றதும் அது வந்தது. உம். கொஞ்சம் விட்டு இன்னொரு உம். பெற்ற வயிறு பதறியது என்பார்களே, மரத்துப்போன வயிறும் பதறும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் காற்றுக் குழாயை வைத்தார்கள். வீட்டுக்காரர் அங்கேயும் இங்கேயும் நடந்து, நான் பீய்ச்சிக் கொடுத்த சொட்டுச் சீம்பாலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். முனகல் மறுநாளே அடங்கிவிட்டது என்று சொன்னார். நான் நம்பவில்லை. மூன்றாம் நாள் குழாயையும் எடுத்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் அவளை என் வெறும் நெஞ்சில் படுக்க வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டினார்கள். ஒரு முழம் கூட இல்லை. அடுத்த முறை அவர் நெஞ்சில் வைப்பதாகச் சொல்லியிருந்ததால், அவரும் கை கழுவி, சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டு பின்னால் எங்கோ காத்திருந்தார். நான் அதை மறந்துபோனேன். அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சத்தமில்லாமல் போய் வந்தது. அந்த அமைதி என் வாயைத் திறந்துவிட்டது. கதை சொல்கிற குரலிலேயே சொல்ல ஆரம்பித்தேன்.

"உனக்கு ஒரு அண்ணன் இருந்தான்."

துணியைக் கொஞ்சம் மேலே இழுத்து அவள் தலையை மூடினேன்.

"அவன் நெஞ்சுக்கு ஒரு ஊசி போட வந்தாக. வீட்டுக்கே வந்து கூப்பிட்டாக. அம்மா கதவத் தெறக்கல."

கதை சொல்லிப் பழகிய வாய், உம் விழ வேண்டிய இடத்தில் தானாக நின்றது. என் நெஞ்சில் அவள் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. வேறு எதுவும் இல்லை.

என் தோளுக்குப் பின்னால் இருந்து அவர் குரல் கேட்டது.

"உம்."