மகளின் சம்பளமும் மகளின் கையெழுத்தும்

என் அக்காள் முத்தாரம்மாளுக்கு இந்தத் திருவனந்தபுரத்தில் சொந்தமென்று இருந்தது மணக்காட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் நாலு சென்ட் இடமும் ஒரு வீடும். கார் நுழையாது. ஐப்பசியில் முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அவள் அதைக் கல்யாண நகையை விற்று, தன் பெயரிலேயே பத்திரம் போட்டு வாங்கினாள். எங்கள் தெருப் பெண்களில் தன் பெயரில் நிலத்துக்குக் கரம், அதாவது வரி, கட்டுகிறவள் என்று அவளுக்குக் கொஞ்சம் கெத்தும் உண்டு. வருஷா வருஷம் வில்லேஜ் ஆபீசுக்குப் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டுதான் போவாள்.

அத்தான் திரவியம் ஆரியசாலைக் கடைத்தெருவில் வற்றல் மிளகாய், மல்லி மொத்த வியாபாரி. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் வீட்டைக் கெடுக்கும் அளவுக்குக் கெட்டவர்கள் கெடுப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். நான் அவர் கடைக்கு எதிரே பாத்திரக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவன். நடந்ததையெல்லாம் நேரில் பார்த்தேன்.

ஒரு ராத்திரி மழையில் ஓடை பொங்கி அவர் சரக்கு வைத்திருந்த கிட்டங்கி மூழ்கியது. விருதுநகரிலிருந்து கடனுக்கு வந்திறங்கிய மிளகாய் முழுவதும் ஊறிப்போயிற்று. சரக்குக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. விருதுநகர்க்காரருக்குக் கொடுக்க வேண்டியது இருபது லட்சம்.

மகள் விஜயலக்ஷ்மி அரசுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். விதுரையில் புருஷன் வீடு. கேள்விப்பட்ட மறுநாளே சம்பளம் வரும் பாங்கில் பேசிவிட்டு ஓடி வந்தாள். அவள் பெயரில் பெர்சனல் லோன், இருபது லட்சம், ஆறு வருஷம், மாசம் முப்பத்தொன்பதாயிரம். ஒரு வாரத்தில் பணம் கிடைக்கும், ஈடு எதுவும் வேண்டாம்.

"பாதி நீங்க தாங்கப்பா, பாதி நான் பாத்துக்கிடுதேன். அவியளும் சரின்னுட்டாவ" என்றாள் விஜி. அவியள் என்றால் அவள் புருஷன் பத்மகுமார்.

அத்தான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கெட்டிக் குடுத்த பிள்ளைக்கச் சம்பளத்துல கை வச்சா, நாளைக்கு மருமவன் வீட்டு நடையில நான் எங்ஙனெ போய் நிக்க? அது நடக்காது மோளே."

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. மகளுக்குக் கொடுக்கலாம், மகளிடம் வாங்கக் கூடாது. கௌரவம் சோறு போடுமா என்று கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அவர் போனது ஒரு பைனான்ஸ் கம்பெனிக்கு. வீட்டை ஈடு வைத்தால் கையிருப்புக்கும் சேர்த்து இருபத்திரண்டு லட்சம். வட்டி பதினாலு, பதினைந்து வருஷம், மாசம் இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம். பத்தாயிரம் குறைவு என்று அத்தானுக்கு ஒரே சந்தோஷம். விஜி செல்போனில் பெருக்கிக் காட்டினாள். பாங்கில் மொத்தம் கட்டுவது இருபத்தெட்டு லட்சம், இங்கே ஐம்பத்திரண்டுக்கு மேல்.

"காசு போட்டும்பா. அதுல கட்ட முடியலேன்னா என்னெத்தான் பிடிப்பான், கேசு போடுவான். இதுல நேரா வீட்டெயில்லா எடுப்பான்" என்றாள்.

"வியாபாரிக்கு மாசம் பத்தாயிரம் கையில நிக்கணும். உனக்கு அது தெரியாது" என்றார் அத்தான். அதோடு பேச்சு முடிந்தது.

வீடு அக்காள் பெயரில் இருந்ததால் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். நானும் கூடப் போயிருந்தேன். கம்பெனியில் அனீஷ் என்ற பையன் காகிதங்களைப் புரட்டினான். அக்காள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கட்ட முடியாம வந்தா என்னவாக்கும் செய்வீங்க?"

"அதொந்நும் வராது அம்மே" என்றான் அனீஷ். பிறகு அத்தானிடம் திரும்பி, வருமான வரியில் காட்டிய வருமானம் போதாது, சம்பளக்காரர் ஒருவர் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் லோன் கிடைக்கும் என்றான். ஆரியசாலையில் வருமானத்தை உள்ளபடி காட்டுகிற வியாபாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. அத்தானும் பாதிக்கு மேல் காட்டாதவர்தான்.

உடனே விஜிக்குப் போன் போட்டார். "ஒரு கையெழுத்துதான் மோளே. காசொண்ணும் நீ தர வேண்டாம்."

சம்பளத்தைத் தொடுவது மானக்கேடு, கையெழுத்தைத் தொட்டால் ஒன்றுமில்லை. நான் அப்போதே வாயைத் திறந்தேன். "அத்தான், கையெழுத்துப் போட்டா அவளும் கடன்காரிதான்."

"நீ சும்மா இரி சுப்பு" என்றார். விஜி வந்து போட்டாள். அப்பாவுக்கு இதையாவது செய்ய முடிந்ததே என்று அவளுக்கு ஒரு ஆறுதல்.

ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு மிளகாய் விலை சரிந்தது, அவரிடம் வாங்கிக்கொண்டிருந்த பழைய கடைக்காரர்கள் வேறு இடத்தில் வாங்கப் போனார்கள். கைக்கு வந்ததை முதலில் சரக்கு அனுப்பியவருக்குக் கொடுத்தார். தவணை அடுத்த மாசம் என்றார். வியாபாரக் கடன் நின்றால் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும், வீட்டுக் கடன் நின்றால் யாருக்குத் தெரியும்? இப்படித்தான் எங்கள் ஆட்களின் புத்தி போகும். மூன்று தவணை நின்றது. அறுபது நாளில் முழுக் கடனையும் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. மூன்று பேருக்கும் தனித்தனியாக வந்தது, விஜிக்குப் பள்ளிக்கூட விலாசத்தில்.

வீட்டை நாமே விற்றுவிடுவோம், கடன் போக மிச்சமாவது தேறும் என்று நான் மன்றாடினேன். விலைக்குப் போட்டால் ஊர் அறிந்துவிடுமே என்றார் அத்தான். விஜி செயினை அடகு வைத்து ஒரு தவணை கட்டினாள். அதற்குள் நின்றது ஐந்தாகியிருந்தது.

கடைசியில் அவள் தன் பாங்குக்கே ஓடினாள், அன்று தருவதாகச் சொன்ன லோனை இப்போது வாங்கி இதில் பெரும்பகுதியை அடைத்துவிடலாம் என்று. நானும் கூடப் போனேன். ஸ்வப்னா என்ற ஆபீசர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சரே, ஈ லோன் டீச்சருடெ பேரிலும் உண்டல்லோ. முடங்கினதும் டீச்சருடெ பேரில தன்னெ காணிக்குந்நு. ஸ்கோர் தீரெ போயி. எனிக்கு ஒந்நும் செய்யான் பற்றில்ல." தவணை நின்றது விஜி பெயரிலும் ஏறி மதிப்பெண் சரிந்துவிட்டதாம், இனி லோன் தர வழியில்லையாம்.

மகள் சம்பளத்தைத் தொடாமல் காத்த மனிதர், கையெழுத்தால் அந்தச் சம்பளத்தின் வாசலையே அடைத்துவிட்டார். விஜி பாங்குப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

கோர்ட் உத்தரவோடு வக்கீல் கமிஷனரும் போலீசும் வந்தபோது அக்காள் அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். பூட்டி சீல் வைத்தார்கள். கம்பெனி முப்பத்தெட்டு லட்சம் என்று மதிப்புப் போட்ட வீட்டை, வெள்ளம் புகும் சந்து என்று இரண்டு ஏலத்தில் யாரும் கேட்கவில்லை. மூன்றாவதில் இருபத்திரண்டுக்குப் போயிற்று. வட்டியும் அபராதமும் செலவும் சேர்ந்து பாக்கி இருபத்தாறாகியிருந்தது. மிச்சம் நாலு லட்சத்தைக் கையெழுத்துப் போட்டவர்கள் தர வேண்டும். மூவரில் மாசச் சம்பளம் வாங்குகிறவள் ஒருத்திதான். கேசுக்குப் பயந்து அவள் மாசத் தவணைக்கு ஒத்துக்கொண்டாள்.

அத்தான் கடைப் பலகையில் படுத்துக்கொள்கிறார். விதுரைக்கு வர மாட்டாராம். அக்காள் அங்கேதான் இருக்கிறாள். பத்மகுமார் தங்கமான பையன், முகம் சுளித்ததில்லை. ஆனால் அக்காள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதில்லை, நான் பார்த்தேன்.

போன மாசம் போயிருந்தபோது விஜி பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போனதும் அக்காள் என்னிடம் மெல்லச் சொன்னாள்:

"மக்கா சுப்பு, அண்ணைக்கு அவகிட்ட வாங்கியிருந்தா வெக்கமாத்தான் இருந்திருக்கும். இப்பவும் மாசாமாசம் அவ சம்பளந்தான் போவுது. ஆனா அந்த வெக்கத்த எனக்க வீட்டுக்குள்ள இருந்துல்லா பட்டிருப்பேன்."